இரண்டு ஸ்டாப்புக்கு ஏன் இவ்வளவு? ஸ்டேஜ் கணக்கும் கண்டக்டர் கிழிக்கும் டிக்கெட்டும்

நகரப் பேருந்தில் தினமும் போய்வருகிறவர்கள் இந்தச் சண்டையை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். ஒரு பெரியவர் ஏறுகிறார். அடுத்ததற்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டுகிறார். கண்டக்டர், "இன்னும் ரெண்டு ரூபா குடுங்க பெரியவரே" என்கிறார். "ஏம்பா, ரெண்டு ஸ்டாப்புக்கு ஏழு ரூபாயா? நேத்து இதைவிடத் தூரம் போனேன், அஞ்சு ரூபாதான வாங்குனாரு அந்தக் கண்டக்டரு?" "ஸ்டேஜ் மாறுது பெரியவரே, நான் என்ன பண்றது?" பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ரூபாயைத் தேடுகிறார். பேருந்தில் இருக்கும் பாதிப் பேர் கண்டக்டர் ஏமாற்றுகிறார் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேருக்கு ஏதோ கணக்கு இருக்கிறது என்று தெரியும், என்ன கணக்கு என்று தெரியாது.

இப்படிப்பட்ட சண்டைகளில் பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பெரியவர் நேற்று அதிக தூரம் குறைந்த காசில் போனதும் உண்மை, இன்று கண்டக்டர் கேட்பது சரியான கட்டணம் என்பதும் உண்மை. நாம் தூரத்துக்குக் காசு கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொடுப்பதோ ஸ்டேஜுக்கு. இரண்டும் நெருங்கிய உறவுதான் என்றாலும் ஒன்றல்ல.

ஸ்டேஜ் என்பது நம் சட்டத்திலேயே ஊறிப்போன சொல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டவுன் பஸ்ஸையும் வெளியூர் பஸ்ஸையும் 'ஸ்டேஜ் கேரியேஜ்' என்றுதான் அழைக்கிறது. ஒவ்வொரு பயணியிடமும் தனித்தனியாக, முழுப் பயணத்துக்கோ பயணத்தின் ஒரு கட்டத்துக்கோ கட்டணம் வாங்கி ஓடும் வண்டி என்பது அதன் விளக்கம். வழியில் நின்று நின்று ஆள் ஏற்றி, அவரவர் போகும் தூரத்துக்குத் தக்கபடி காசு வாங்கும் உரிமை இந்த அனுமதியில்தான் இருக்கிறது. ஒரு கூட்டத்தை மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகும் ஒப்பந்த வண்டிக்கு அது கிடையாது. ஸ்டேஜ் கேரியேஜுக்கான அனுமதியில், கட்டண அட்டவணையை வண்டியில் வைக்க வேண்டும், வாங்கிய கட்டணத்தைக் காட்டும் டிக்கெட் கொடுக்க வேண்டும், கொடுத்த டிக்கெட்டுகளுக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளையும் சேர்க்கலாம் என்கிறது அதே சட்டம். கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம் தானாக ஒரு ரூபாய்கூட ஏற்ற முடியாது, கோட்டையிலிருந்து ஆணை வர வேண்டும்.

சரி, ஸ்டேஜ் என்றால் என்ன? ஒரு தடத்தில் பேருந்து நிற்கும் இடங்களில் சிலவற்றை மட்டும் எல்லைக்கல் மாதிரி குறித்து வைத்திருப்பார்கள். நகரத் தடங்களில் இரண்டு எல்லைக்கல்லுக்கு இடையே சுமார் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். அதே தூரத்தில் இரண்டு மூன்று நிறுத்தங்கள் இருக்கலாம், சில இடங்களில் நான்குகூட இருக்கலாம். எல்லா ஸ்டேஜும் ஒரு நிறுத்தம்தான், ஆனால் எல்லா நிறுத்தமும் ஸ்டேஜ் அல்ல. ரோட்டில் நிற்கும் நமக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதே நிழற்குடை, அதே பெயர்ப்பலகை. எது ஸ்டேஜ் என்பது கண்டக்டரிடம் இருக்கும் அட்டவணையிலும் மெஷினிலும்தான் இருக்கிறது. பாதி குழப்பத்துக்கு இது ஒன்றே காரணம் என்பது என் எண்ணம்.

அந்த எல்லைக்கற்களுக்கு வரிசையாக எண் இருக்கும். புறப்படும் இடம் ஒன்று, அடுத்த ஸ்டேஜ் இரண்டு, அதற்கடுத்தது மூன்று, இப்படியே தடத்தின் முடிவு வரை. கட்டணம் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கழித்தால் போதும். மூன்றில் ஏறி ஆறில் இறங்கினால் மூன்று ஸ்டேஜ். மூன்று ஸ்டேஜுக்கு எவ்வளவு என்பது தனி வரிசையில் இருக்கும். பேருந்து நிலையங்களில் சில சமயம் படிக்கட்டு வடிவத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருப்பார்களே, சரிந்த கோட்டில் ஊர்ப் பெயர்களும் கட்டத்துக்குள் ரூபாயுமாக, அது இந்தக் கழித்தலை முன்கூட்டியே செய்து வைத்த பட்டியல்தான்.

ஸ்டேஜிலேயே ஏறி ஸ்டேஜிலேயே இறங்குகிறவருக்கு இதில் சிக்கலே இல்லை. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே ஏறுகிறவருக்கும் இறங்குகிறவருக்கும்தான் சிக்கல். அவர்களுக்கான விதி இது: நடுவில் ஏறினால் பின்னால் போன ஸ்டேஜிலிருந்து கணக்கு, நடுவில் இறங்கினால் முன்னால் வரப்போகும் ஸ்டேஜ் வரை கணக்கு. ஏறும்போதும் முழுதாக்கு, இறங்கும்போதும் முழுதாக்கு. டிக்கெட்டில் நாம் ஏறாத இடத்தின் பெயர் அச்சாகி வருவதைப் பார்த்துச் சிலர் திடுக்கிடுவதுண்டு. அது தப்பல்ல. நாம் நின்ற நிறுத்தத்துக்கு முந்தைய ஸ்டேஜின் பெயர் அது.

இந்த ஒரு விதி எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க ஒரு தடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஊரும் எண்ணும் நான் இட்டவை, கட்டணமும் கணக்குக்காக வைத்துக்கொண்டது. எந்த ஊரின் இன்றைய கட்டணமும் அல்ல. டெர்மினஸில் பேருந்து புறப்படுகிறது. பள்ளிக்கூடம், பிள்ளையார் கோயில், மார்க்கெட், போலீஸ் ஸ்டேஷன், தண்ணித் தொட்டி, ரயில்வே கேட், பாலிடெக்னிக், மில் கேட், ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், லைப்ரரி என்று போய்க் கடற்கரையில் முடிகிறது. மொத்தம் 13 நிறுத்தங்கள். இவற்றில் டெர்மினஸ், மார்க்கெட், ரயில்வே கேட், ஆஸ்பத்திரி, கடற்கரை ஆகிய ஐந்தும்தான் ஸ்டேஜ், அந்த வரிசையில் ஒன்று முதல் ஐந்து வரை. ஒரு ஸ்டேஜுக்கு 5 ரூபாய், இரண்டுக்கு 7, மூன்றுக்கு 9, நான்குக்கு 10 என்று வைத்துக்கொள்வோம்.

டெர்மினஸில் ஏறி மார்க்கெட்டில் இறங்குகிறவர் மூன்று நிறுத்தம் போகிறார். ஒன்றிலிருந்து இரண்டு, ஒரே ஸ்டேஜ், 5 ரூபாய். இப்போது நம் பெரியவர் தண்ணித் தொட்டியில் ஏறிப் பாலிடெக்னிக்கில் இறங்குகிறார். இரண்டே நிறுத்தம், ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் தண்ணித் தொட்டி ஸ்டேஜ் இல்லை, ஆகவே அவர் மார்க்கெட்டில் ஏறியதாகக் கணக்கு. பாலிடெக்னிக்கும் ஸ்டேஜ் இல்லை, ஆகவே ஆஸ்பத்திரியில் இறங்குவதாகக் கணக்கு. இரண்டிலிருந்து நான்கு, இரண்டு ஸ்டேஜ், 7 ரூபாய். உண்மையிலேயே மார்க்கெட்டில் ஏறி ஆஸ்பத்திரி வரை ஆறு நிறுத்தம், நான்கு கிலோமீட்டர் போகிறவர் கொடுப்பதும் அதே 7 ரூபாய்தான்.

நேற்று அதிக தூரம் போனேன் என்று பெரியவர் சொன்னாரே, அது டெர்மினஸிலிருந்து மார்க்கெட் மாதிரி ஒரு பயணமாக இருந்திருக்கும். அவர் இரண்டு ஸ்டேஜுக்கு நடுவே ஏறாமல் இறங்காமல், ஸ்டேஜிலிருந்து ஸ்டேஜுக்குப் போயிருப்பார். இன்று பாலிடெக்னிக்குக்கு ஒரு நிறுத்தம் முன்பே ரயில்வே கேட்டில் இறங்கி நடந்திருந்தால் 5 ரூபாயோடு முடிந்திருக்கும். தினம் அதே வழியில் போகும் வேலைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இதை யாரும் சொல்லாமலேயே கண்டுபிடித்துவைத்திருப்பார்கள். எந்த நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னே நடந்து வந்து ஏறினால் காசு மிச்சம் என்று கேட்டால் உடனே சொல்வார்கள்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதே சாலையில் வேறு எண்ணுள்ள பேருந்து ஒன்றும் வரும். அது வேறொரு டெர்மினஸிலிருந்து கிளம்பி, தன் இரண்டு கிலோமீட்டர்களை அங்கிருந்து அளந்துகொண்டு வந்து இந்தச் சாலையில் சேர்கிறது. அதன் எல்லைக்கற்கள் போலீஸ் ஸ்டேஷனிலும் பாலிடெக்னிக்கிலும் தபால் ஆபீஸிலும் விழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேருந்தில் தண்ணித் தொட்டியிலிருந்து பாலிடெக்னிக்குக்கு ஒரே ஸ்டேஜ், 5 ரூபாய். சாலை அதுவே, நிறுத்தங்கள் அவையே, போர்டின் நிறமும் ஒன்றே, கட்டணம் மட்டும் வேறு. "அந்தக் கண்டக்டரு அஞ்சு ரூபாதான வாங்குனாரு" என்ற வாக்குமூலத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். பல தடங்கள் ஒன்றுசேரும் சாலைகளில் எல்லாத் தடங்களுக்கும் ஒரே இடத்தில் ஸ்டேஜை வைத்துவிட்டால் இந்த வித்தியாசம் மறையும். அப்படிச் செய்ய வேண்டுமானால் சில தடங்களில் ஸ்டேஜின் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். யாராவது ஒருவருக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ ஏறித்தான் தீரும்.

ஸ்டேஜ் ஒருமுறை குறிக்கப்பட்டால் எளிதில் அசையாது. ஆனால் நகரம் அசைந்துகொண்டே இருக்கிறது. ஒருவழிப்பாதை வந்து பேருந்து சுற்றிப் போகத் தொடங்கும், மேம்பாலம் வந்து ஒரு நிறுத்தம் அரை கிலோமீட்டர் தள்ளிப் போகும், மெட்ரோ வேலைக்காக வருடக்கணக்கில் மாற்றுப் பாதை. இப்படிப்பட்ட மாற்றங்களுக்குப் பிறகு, இரண்டு கிலோமீட்டர் என்று அளந்துவைத்த ஸ்டேஜ் ஓரிடத்தில் மூன்றாகவும் இன்னோரிடத்தில் ஒன்றரையாகவும் நின்றுவிடும். தடத்தை மறுபடி அளந்து சரிபார்க்கிற வரையில் பழைய எண்களே ஓடிக்கொண்டிருக்கும்.

இனி ரூபாய்க்கு வருவோம். மேலே நான் வைத்த கட்டணத்தில் முதல் ஸ்டேஜ் 5 ரூபாய், அதற்குப் பின் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் இரண்டு ரூபாய், பிறகு ஒரு ரூபாய்தான் கூடுகிறது. இது தற்செயல் அல்ல. நகரக் கட்டணங்கள் பொதுவாக இப்படித்தான் அமையும். ஒருவரை ஏற்றி இறக்க வண்டி நிற்பதற்கும் டிக்கெட் போடுவதற்கும் ஆகும் செலவு அவர் ஒரு கிலோமீட்டர் போனாலும் பத்து போனாலும் ஒன்றுதான், ஆகவே குறைந்தபட்சக் கட்டணம் கனமாக இருக்கும். தூரம் போகப் போக ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கூடுவது இளைத்துக்கொண்டே வரும். இதனால்தான் பயணத்தை இரண்டாக உடைத்தால் நஷ்டம். நம் தடத்தில் டெர்மினஸிலிருந்து கடற்கரைக்கு ஒரே டிக்கெட் 10 ரூபாய். நடுவில் ரயில்வே கேட்டில் இறங்கி இன்னொரு பேருந்தில் ஏறினால் 7-ம் 7-ம் சேர்ந்து 14. நேர்ப் பேருந்து இல்லாத பேட்டைகளில் குடியிருப்பவர்கள், மாறிப் போக வேண்டியிருப்பதாலேயே, அதே தூரத்துக்கு மற்றவர்களைவிட அதிகம் கொடுக்கிறார்கள். 1000 ரூபாய் மாதப் பாஸ் எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அவ்வளவு ஒரே தடவையில் புரட்ட முடியாதவர்களே பெரும்பாலும் தினம் டிக்கெட் வாங்குகிறவர்கள். இந்த முறையில் எனக்கு உறுத்துவது எது என்று கேட்டால், இரண்டு ஸ்டாப்புக்கு 7 ரூபாய் என்பதைவிட இதைத்தான் சொல்வேன்.

கட்டண உயர்வு வரும்போது ஸ்டேஜ்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ரூபாய் வரிசை மட்டும் மாறும். 2018 ஜனவரி 20-ல் சென்னையில் சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ஆகவும், அதிகபட்சம் 14-லிருந்து 23 ஆகவும் ஏறியது. போராட்டங்கள் வெடித்து, பத்து நாளுக்குள் சற்றுக் குறைக்கப்பட்டது நினைவிருக்கும். அதற்கு முந்தைய பெரிய உயர்வு 2011 நவம்பரில், குறைந்தபட்சம் 2 ரூபாயிலிருந்து 3 ஆனது. ஒவ்வொரு முறையும் கண்டக்டர் மனப்பாடம் செய்துவைத்திருந்த தொகை முழுவதையும் ஒரே இரவில் மறந்து புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. ஆனால் எந்த நிறுத்தம் எத்தனையாவது ஸ்டேஜ் என்பதை அவர் மறக்க வேண்டியிருக்கவில்லை.

ரூபாய் வரிசை ஒன்றல்ல, பல. ஒயிட் போர்டு எனப்படும் சாதாரணப் பேருந்துக்கு ஒன்று, எக்ஸ்பிரஸுக்கு ஏறக்குறைய அதில் ஒன்றரை மடங்கு, டீலக்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஏசி பேருந்துக்கு அதற்கும் மேல். ஒரே சாலையில் இவை எல்லாமே ஓடும். ஆகவே ஒரு தடத்தில் ஒயிட் போர்டைக் குறைத்து டீலக்ஸை அதிகமாக விட்டால், அரசாணை எதுவும் இல்லாமலேயே மக்கள் கொடுக்கும் காசு கூடிவிடும். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் இலவசம் என்றான பிறகு இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகிவிட்டது. போர்டின் நிறத்தைப் பார்த்து ஏறுவதா காத்திருப்பதா என்று முடிவெடுக்கும் பெண்களை எந்த நிறுத்தத்திலும் பார்க்கலாம். அவர்களுக்கும் பூஜ்ய மதிப்பில் டிக்கெட் கொடுக்கப்படுகிறது. அந்தப் பயணங்களுக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்டுகிறது, அதற்கு எண்ணிக்கை வேண்டும்.

கண்டக்டரின் வேலையில் எனக்குப் பெரிய மரியாதை வந்தது, கணக்கு எழுதும் முறை எப்படி என்று ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த பிறகுதான். மெஷின் வருவதற்கு முன், அவர் கையில் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு டிக்கெட் கட்டு இருக்கும். 5 ரூபாய்க் கட்டு, 7 ரூபாய்க் கட்டு என்று, ஒவ்வொன்றிலும் வரிசை எண். கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில் ஏறிய இடம் எழுதியிருக்காது. அப்படியானால் நடுவழியில் ஏறும் செக்கர், ஒருவர் தன் காசுக்கு மேல் பயணம் செய்கிறாரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

பதில் டிரிப் ஷீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஜ் வரும்போதும், ஒவ்வொரு கட்டிலும் அடுத்து கிழிக்கப்போகும் டிக்கெட்டின் எண்ணைக் கண்டக்டர் அதில் எழுதி வைப்பார். நம் தடத்தில் மார்க்கெட் வந்தபோது 5 ரூபாய்க் கட்டில் அடுத்த எண் 340 என்று எழுதினார். ரயில்வே கேட்டில் 362 என்று எழுதினார். அப்படியானால் 340 முதல் 361 வரை 22 டிக்கெட்டுகள் மார்க்கெட்டுக்கும் ரயில்வே கேட்டுக்கும் இடையே விற்றவை. ஆஸ்பத்திரியில் செக்கர் ஏறுகிறார். ஒருவர் கையில் 365. அது ரயில்வே கேட்டுக்குப் பின் விற்றது, ஒரு ஸ்டேஜுக்கான காசு, ஆஸ்பத்திரி வரை செல்லும். சரி. பக்கத்தில் இருப்பவர் கையில் 351. அது மார்க்கெட்டுக்குப் பின் விற்றது, ரயில்வே கேட்டோடு முடிந்துவிட்டது. அவர் மூன்று நிறுத்தமாகக் காசில்லாமல் வந்துகொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்காமலே எண்ணைப் பார்த்துச் செக்கர் அவர் அருகில் நின்றுவிடுவார். டிக்கெட்டில் இடம் எழுதாமலே இடத்தைக் கண்டுபிடிக்கும் இந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

இது நடக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. ஸ்டேஜ் வருவதற்குள், அதற்கு முன் ஏறியவர்கள் அத்தனை பேருக்கும் டிக்கெட் போட்டு முடித்திருக்க வேண்டும். தண்ணித் தொட்டியில் ஏறிய ஒருவர் கூட்டத்தில் மாட்டி, ரயில்வே கேட் தாண்டிய பிறகு டிக்கெட் வாங்கினால், அவர் எண் 362 ஆகவோ அதற்கு மேலாகவோ விழும். கணக்கில் அவர் ரயில்வே கேட்டில் ஏறியவராகிவிடுவார், ஒரு ஸ்டேஜ் இலவசம். கழகத்துக்கு நஷ்டம், செக்கர் பிடித்தால் கண்டக்டருக்கு விளக்கம் கேட்டுத் தாள் வரும். அதனால்தான், முன்பெல்லாம் காலை நெரிசலில் பேருந்து ஒரு நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் ஓரங்கட்டி நின்றுவிடும். உள்ளே வேகும் வெயிலில் நாம் டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்போம். பின்னால் கண்டக்டர், "டிக்கெட் வாங்காதவங்க வாங்குங்க, ஸ்டேஜ் குளோஸ் பண்ணணும்" என்று கூவிக்கொண்டிருப்பார். பேருந்து அங்கே நின்றதற்குக் காரணம் அந்த எண்ணை எழுதுவதுதான்.

இந்தச் சூழலை மனத்தில் வைத்துப் பார்த்தால், ஏன் கிலோமீட்டர் இல்லாமல் ஸ்டேஜ் என்பதும் புரியும். இரண்டு கிலோமீட்டரைக் கடக்க ஏழெட்டு நிமிடம். அதற்குள் முப்பது நாற்பது பேரிடம் ஏறிய இடம், இறங்கும் இடம் கேட்டு, தொகை சொல்லி, கட்டைத் தேர்ந்து கிழித்து, சில்லறை கொடுக்க வேண்டும். இரண்டு ஒற்றை இலக்க எண்களைக் கழிப்பது மட்டுமே அந்த வேகத்தில் நடக்கும். தொகைகளும் முழு ரூபாயாக, கொஞ்சம் வகைகளாக இருந்தால்தான் கட்டுகளைக் கையில் தாங்க முடியும். சில்லறை இல்லாவிட்டால் மீதியை டிக்கெட்டின் பின்புறம் எழுதித் தருவது நமக்கெல்லாம் பழக்கமான காட்சி. இறங்கும் அவசரத்தில் அந்த மூன்று ரூபாயை மறந்துவிட்டு வீடு வந்தவர்கள் எத்தனை பேர்!

இப்போது மெஷின் வந்துவிட்டது. சென்னையில் 2024-லிருந்து யுபிஐ வழியாகவும் காசு வாங்கும் புதிய மெஷின்கள் கண்டக்டர்களிடம் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் போனிலேயே டிக்கெட் எடுக்கலாம். கழித்தலை மெஷின் செய்துவிடும், டிக்கெட்டிலேயே ஏறிய ஸ்டேஜும் இறங்கும் ஸ்டேஜும் அச்சாகும், 340, 362 என்று எழுத வேண்டியதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு மாறவில்லை. அதே எல்லைக்கற்கள், அதே முழுதாக்கும் விதி.

மெஷினில் புதிதாக ஒரு தவறு நுழைந்திருக்கிறது, அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பேருந்து இப்போது எந்த ஸ்டேஜில் இருக்கிறது என்பதை மெஷினுக்குக் கண்டக்டர்தான் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தால், நெரிசலில் அவர் மறந்துவிடுவது உண்டு. பேருந்து ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டது, மெஷின் இன்னும் மார்க்கெட்டிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட்டில் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கேட்பவருக்கு மார்க்கெட்டிலிருந்து கணக்காகி 5-க்குப் பதில் 7 ரூபாய் வரும். எதிர்த்திசையிலும் தவறு நேரலாம். ரயில்வே கேட் வரும் முன்பே அவசரப்பட்டு அழுத்திவிட்டால், தண்ணித் தொட்டியில் ஏறியவருக்கு ரயில்வே கேட்டிலிருந்து டிக்கெட் விழும், இரண்டு ரூபாய் குறைவாக. அவருக்கு லாபம் மாதிரி தெரியும், ஆனால் ரயில்வே கேட் வருமுன் செக்கர் ஏறிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கண்டக்டர். டிக்கெட் வாங்கியதும் தொகையைப் பார்ப்பதோடு மேலே அச்சான ஏறும் இடத்தையும் பார்த்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் ஏறிய நிறுத்தமே ஸ்டேஜ் என்றால் அதன் பெயர், இல்லையென்றால் அதற்கு உடனே முந்தைய ஸ்டேஜின் பெயர் இருந்தால் சரி. அதற்கும் பின்னால் இருக்கும் ஸ்டேஜின் பெயர் இருந்தால் மெஷின் நகரவில்லை. அங்கேயே, இறங்குவதற்கு முன், "ஸ்டேஜ் மாத்தலீங்களாண்ணே?" என்று கேட்டால் பெரும்பாலும் உடனே பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள்.

ஸ்டேஜை விட்டுவிட்டு வேறு முறைக்குப் போன நகரங்களும் உண்டு. மும்பையில் பெஸ்ட் நிறுவனம் 2019 ஜூலையில் கட்டணத்தை அகலமான படிகளாக மாற்றியது. சாதாரணப் பேருந்தில் 5 கிலோமீட்டர் வரை 5 ரூபாய், 10 வரை 10, 15 வரை 15, அதற்கு மேல் 20. பயணிக்கு நினைவில் வைக்க நான்கே எண்கள், கண்டக்டருக்கும் அப்படியே. 2025 மே மாதத்தில் தொடக்கக் கட்டணம் 10 ரூபாயாகிவிட்டது. படிகள் அகலமானதால் எல்லைக்கோட்டைத் தாண்டும் சண்டை குறைந்திருக்கும், ஆனால் முடிந்திருக்காது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் அப்பால் வீடு உள்ளவர் அங்கேயும் இருப்பார், அவர் தாண்டும் படி உயரமானது. உண்மையிலேயே போன தூரத்துக்கு மட்டும் காசு என்றால், மெட்ரோ ரயிலில் செய்வதுபோல இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு இறங்கும் கூட்டத்தை வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்பதற்கு எனக்கு விடை தெரியவில்லை.

ஆனால் செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. நிழற்குடையில் நிறுத்தத்தின் பெயரை எழுதும்போது, அது எந்தத் தடத்துக்கு ஸ்டேஜ் என்பதையும் சேர்த்து எழுதலாம். 'ரயில்வே கேட், ஸ்டேஜ் 3' என்று பலகையில் இருந்தால் கழித்தலை நிற்கும்போதே நாம் செய்துகொள்வோம். பெரியவர் ஐந்து ரூபாயை நீட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும், ஒரு நிறுத்தம் முன்னே இறங்கி நடப்பதா இல்லையா என்று. அதுவரை, ஒரு கட்டணம் தவறென்று தோன்றினால் டிக்கெட்டைக் கசக்கி எறியாமல் வைத்திருங்கள். தட எண், போர்டின் வகை, டிக்கெட்டில் அச்சான இரண்டு ஸ்டேஜ்களின் பெயர், டிக்கெட் எண், நீங்கள் உண்மையில் ஏறிய இறங்கிய நிறுத்தங்கள் ஆகிய இவற்றோடு புகார் எழுதினால், டிப்போவில் இருப்பவர் அட்டவணையை எடுத்துப் பார்த்து ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியும். "இரண்டு ஸ்டாப்புக்கு ஏழு ரூபாய்" என்று மட்டும் எழுதினால் அவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது.